ஆடியோ மட்டும் போதாது, படத்தையும் அனுப்புங்கள்

தெலுங்கில் படம் எடுத்துத் தமிழிலும் வெளியிடும் தயாரிப்பாளர்களுக்கும், அந்தப் பாடல்களின் உரிமையை வாங்கும் ஆடியோ நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

டப்பிங் படங்களுக்குப் பாட்டு எழுதுவது என் தொழில். ஒரு பாட்டைத் தமிழாக்கக் கொடுக்கும்போது உங்கள் தரப்பிலிருந்து எங்களுக்கு வழக்கமாக என்ன வரும் என்று உங்களில் பலருக்கே தெரியாது என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். தெலுங்குக் குரலோடு ஒரு எம்பி3, குரல் இல்லாத ட்ராக், தெலுங்கு வரிகளை ஆங்கில எழுத்தில் தட்டிய ஒரு வாட்ஸ்அப் செய்தி. அதற்குக் கீழே ஒரு வரி: “சார், லிப் கரெக்டா உட்காரணும். நாளைக்கு சாயங்காலம் பாடகர் வர்றார்.”

லிப் எங்கே இருக்கிறது? படத்தில். அதுதான் வருவதில்லை.

கேட்டால் காரணம் சொல்கிறார்கள். காட்சி வெளியே கசிந்துவிடும், எடிட் இன்னும் முடியவில்லை, கிராஃபிக்ஸ் வேலை பாக்கி இருக்கிறது. எல்லாம் உண்மையான காரணங்களே. ஆனால் படம் இல்லாமல் உதட்டுக்கு எழுதச் சொல்வதால் என்ன ஆகிறது என்பதை யாரும் உங்களிடம் உட்கார்ந்து விளக்கியிருக்க மாட்டார்கள். லிப் கெடுவது அதில் பாதிதான். பாட்டும் சேர்ந்து கெடுகிறது. அந்த இரண்டாவது பாதியைச் சொல்லத்தான் இந்த மடல்.

பாட்டில் லிப் பார்ப்பதும் வசனத்தில் லிப் பார்ப்பதும் ஒன்றல்ல. வசனத்தில் டப்பிங் கலைஞர் கொஞ்சம் இழுத்துப் பேசலாம், விழுங்கலாம், ஒரு “அட” சேர்த்துக்கொள்ளலாம். பாட்டில் அந்தச் சலுகை கிடையாது. மெட்டு போட்டாகிவிட்டது, தாளம் ஓடிக்கொண்டிருக்கிறது, வாத்தியங்கள் எல்லாம் பதிவாகிவிட்டன. எந்த எழுத்து எந்த நொடியில் விழ வேண்டும் என்பது முன்பே முடிவானது. மாற்றக்கூடியது சொல் மட்டுமே. அதனால் சுமை முழுக்கச் சொல்லின் தலையில் விழுகிறது.

சரி, உதட்டில் கண்ணுக்கு என்ன தெரியும்? மிகவும் கொஞ்சம்தான். க, ச, ட, த, ந, ர, ல, ள எல்லாம் வாய்க்குள் நாக்கு செய்யும் வேலை. திரையில் அவற்றைப் பிரித்தறிய முடியாது. வெளியே தெரிவது உதடு மூடுவதும், குவிவதும், அகலத் திறப்பதும், பக்கவாட்டில் இழுபடுவதும்தான். நமக்கு இது புதுச் செய்தியும் அல்ல. தொல்காப்பியப் பிறப்பியலில் அப்படியே இருக்கிறது. “இதழ் இயைந்து பிறக்கும் பகார மகாரம்”. பல்லும் இதழும் இயைய வகாரம் பிறக்கும். உ, ஊ, ஒ, ஓ, ஔ ஐந்தும் இதழ் குவிந்து இயலும். அ, ஆ இரண்டும் அங்காந்து இயலும். டப்பிங் பாட்டு எழுத வருகிற இளைஞர் யாராவது எங்கே தொடங்குவது என்று கேட்டால் நான் அந்த இயலைத்தான் காட்டுவேன். உதடு ஒட்டாமலே செய்யுள் பாடும் இதழகல் என்ற வகையையும் நம் புலவர்கள் விளையாட்டாகவே செய்து வைத்திருக்கிறார்கள். “யாதனின் யாதனின் நீங்கியான் நோதல் அதனின் அதனின் இலன்” என்ற குறளை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், உதடுகள் ஒருமுறைகூடத் தொடாது.

இதில் எங்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. ப-வும் ம-வும் காதுக்கு வேறு, கண்ணுக்கு ஒன்று. தெலுங்கில் வருகிற நான்கு வகைப் பகரமும் கண்ணுக்கு ஒன்றே. வ மட்டும் அரைகுறை. கீழுதடு மேல்பல்லைத் தொடும், முழுதாக மூடாது. ஆனாலும் அவசரத்துக்கு ப இருந்த இடத்தில் வ வந்தால் பெரும்பாலும் கண் மன்னித்துவிடும். மன்னிக்காதது இரண்டு. நடிகரின் உதடு பளிச்சென்று மூடும்போது காதில் “கா” என்று கேட்பது ஒன்று. வாய் ஆவென்று திறந்து நிற்கும்போது காதில் “ம்” என்று மூடுவது இன்னொன்று.

ஒரு வரியை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். யாருடைய பாட்டும் வேண்டாம், நானே ஒரு தெலுங்கு வரியைக் கட்டிக்கொள்கிறேன்.

ப்ரேம பூஸே பொத்துலோன

காதல் பூக்கிற பொழுதிலே என்று பொருள். தத்தகாரம் “தான தானா தான தான”. எட்டு அசை: ப்ரே, ம, பூ, ஸே, பொத், து, லோ, ன. படம் கையில் இல்லாத ஒருவர், அல்லது லிப்பைப் பற்றிக் கவலைப்படாத ஒருவர், இதற்கு உடனே எழுதக்கூடிய தமிழ் வரி இது:

காதல் பூக்கும் காலை நேரம்

பொருள் கச்சிதம். எட்டு அசையும் சரி, சந்தமும் இடிக்காது. பாடிப் பார்த்தால் மெட்டில் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் உதட்டைப் பாருங்கள். தெலுங்கில் “ப்ரே” என்று மூடித் திறக்கும் இடத்தில் “கா”. மறுபடி “ம” என்று மூடும் இடத்தில் “தல்”. “பூ” மட்டும் அதிர்ஷ்டவசமாகப் பொருந்துகிறது. “ஸே” என்று பல் தெரிய வாய் இழுபடும் இடத்தில் “க்கும்” என்று தமிழ் மூடிக்கொள்கிறது. “பொத்” என்று மூடிக் குவியும் இடத்தில் “கா” என்று திறக்கிறது. “லோ” குவிகிறது, “நே” இழுபடுகிறது. கடைசியில் நடிகர் வாயைத் திறந்து “ன” என்று நிறுத்துகிறார், தமிழ் “ரம்” என்று சாத்துகிறது. எட்டில் ஒன்றுதான் உட்கார்ந்தது. அசை எண்ணிக்கையும் சந்தமும் சரியாக இருந்தால் லிப் தானாக வந்துவிடும் என்று நினைக்கிறவர்களுக்கு இந்த ஒரு வரியே போதும்.

இனி இதே வரியை உதட்டுக்கு எழுதுவோம். முதலில் வேண்டியது மூடும் எழுத்தோடு ஓர் ஏகாரம். அடுத்த அசையிலும் மூட வேண்டும். அதற்கடுத்து “பூ” அல்லது “மூ”. நாலாவதில் ஏகாரம், உதடு தொடக் கூடாது. ஐந்தாவது “பொ” அல்லது “மொ”. பிறகு ஓர் உகரம், ஓர் ஓகாரம், கடைசியில் திறந்த அகரம். இந்தச் சட்டத்துக்குள் தமிழ்ச் சொல் தேட வேண்டும். “மேகம்” என்று தொடங்கலாமா? இரண்டாம் அசையின் தொடக்கத்தில் உதடு மூட வேண்டும், “க” மூடாது. “மேனி”யும் அப்படியே. “பேசும்” என்றால் கடைசியில்தான் மூடுகிறது, அரை அசை தாமதம். தேடித் தேடி வேப்பம்பூவில் வந்து நிற்கலாம்:

வேப்பம் பூத்தேன் பொங்குதோடி

“வேப்” முதல் அசையில் அரைகுறையாக உட்காருகிறது. வரியின் முதல் எழுத்துக்குக் கொஞ்சம் சலுகை உண்டு, பாடத் தொடங்குமுன் யாருடைய வாயும் ஏறத்தாழ மூடித்தான் இருக்கும். “ப்ப” இரண்டாம் அசையில் மூடுகிறது. அதன் கடைசி “ம்” கூடுதல் மூடல்போலத் தெரிந்தாலும் அடுத்து வரும் “பூ”வோடு ஒட்டிக்கொள்வதால் உதடு ஒருமுறைதான் மூடும். கண்ணுக்குக் கணக்கு சரி. “தேன்” ஏகாரம், உதடு தொடவில்லை. “பொங்” அச்சாக “பொத்”. “கு”, “தோ” இரண்டும் குவிகின்றன. கடைசி “டி” மட்டும் இடறுகிறது, அங்கே திறந்த வாய் வேண்டும். கதாநாயகன் நண்பர்களோடு பாடுகிறான் என்றால் “பொங்குதோடா” என்று மாற்றினால் அதுவும் தீர்ந்தது. காதல் என்ற சொல் போய்விட்டது. அதற்குப் பதில் கசப்பு மரத்தின் பூவில் தேன் பொங்குவதாக ஒரு படிமம் வந்திருக்கிறது. எனக்கு அது குறைவாகப் படவில்லை. ஆனால் இயக்குநருக்குக் காதல் என்ற சொல்தான் வேண்டும் என்றால் அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது.

இப்போதுதான் நான் சொல்ல வந்த இடம். அந்த வரி வரும்போது கேமரா எங்கே இருந்தது?

கிரேனில் மேலே இருந்து ஐம்பது பேர் ஆடுவதைக் காட்டியிருந்தால், மேலே சொன்ன சர்க்கஸ் எதுவும் தேவையே இல்லை. “காதல் பூக்கும் காலை நேரம்” என்றே பாடிவிட்டுப் போகலாம். நாயகி முதல் பாதியில் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து “பொத்துலோன” வரும்போது மட்டும் திரும்பிப் பார்க்கிறாள் என்றால், முதல் நான்கு அசைக்கு முழுச் சுதந்திரம், பின் நான்குக்கு மட்டும் கட்டு: “காதல் பூத்தே பொங்குதோடா”. காதலும் தப்பித்தது, உதடும் தப்பித்தது. முழு வரியும் முகத்தை நிரப்பிய க்ளோஸ்-அப் என்றால் மட்டுமே வேப்பம்பூவைத் தேடிப் போக வேண்டும். ஒரே வரிக்கு மூன்று தமிழ். எது சரி என்று எம்பி3 சொல்லாது.

ஒரு பாட்டை எடுத்து உட்கார்ந்து பார்த்தால், பாடும் உதடு தெளிவாகத் தெரிகிற நேரம் பாட்டின் சிறு பகுதிதான். மீதியெல்லாம் தூரக் காட்சி, பக்கவாட்டு முகம், நடனக் குழு, வாயசைக்காமல் நடந்துபோகும் மாண்டேஜ். எந்தச் சிறு பகுதி என்று தெரியாவிட்டால் எழுதுகிறவனுக்கு இரண்டு வழிதான். பயந்தவன் எல்லா வரியையும் கட்டிப்போட்டு எழுதுவான். துணிந்தவன் எதையும் பார்க்காமல் எழுதுவான். பயந்தவனின் பாட்டைக் கேட்டு ரசிகர், “என்னய்யா தமிழ் இது?” என்பார். துணிந்தவனின் பாட்டைப் பார்த்து, “வாய் ஒரு பக்கம் போகுது, பாட்டு ஒரு பக்கம் போகுது” என்பார். இரண்டையும் சேர்த்து “டப்பிங் பாட்டு மாதிரி இருக்கு” என்று நம் ஊரில் ஒரு வசவாகவே சொல்கிறார்கள். இந்த வசவில் சரிபாதியை நான் படத்தை அனுப்பாத பழக்கத்தின் கணக்கில் எழுதுவேன்.

க்ளோஸ்-அப்பிலும்கூட எல்லா எழுத்தும் சமமில்லை, வேகம் இருக்கிறது. நிமிடத்துக்கு 100 தட்டு போகும் பாட்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு தட்டு 0.6 விநாடி. திரையில் விநாடிக்கு 24 ஃபிரேம். ஆக, ஒரு தட்டுக்கு 14 ஃபிரேம் சொச்சம். தட்டுக்கு ஓர் எழுத்து நின்று நிதானமாக வந்தால் உதடு முழுக்க அம்பலம். தட்டுக்கு நான்கு எழுத்து பொரிந்தால் ஓர் எழுத்துக்கு மூன்றரை ஃபிரேம்தான், அதற்குள் எந்தக் கண்ணும் உதட்டைப் படித்து முடிக்காது. வேகப் பாட்டில் லிப் சிரமம் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. எங்களைப் படுத்துவது மெலடி, அதிலும் நீட்டி நிறுத்தும் இடம்.

இன்னொன்று, ஒலி முந்துவதும் பிந்துவதும் ஒன்றல்ல. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை ஒன்றில் இதற்குக் கணக்கே இருக்கிறது: ஒலி படத்தைவிட 45 மில்லி விநாடி முந்தினாலே பார்ப்பவருக்குத் தெரிந்துவிடுமாம், பிந்தினால் 125 மில்லி விநாடி வரை தெரியாதாம். அதாவது ஒரு ஃபிரேம் முந்தக் கூடாது, மூன்று ஃபிரேம் பிந்தலாம். தூரத்தில் துணி துவைக்கிறவர் கல்லில் அடிப்பது முதலில் தெரிந்து சத்தம் பிறகு கேட்டுப் பழகிய கண் நமக்கு. இதை நான் எழுதும்போது இப்படிப் பயன்படுத்துகிறேன்: நடிகரின் உதடு மூடும் அசையில் என் ப-வை வைக்க முடியாவிட்டால், வேகமான இடத்தில் அதற்கு அடுத்த அசையில் வைப்பேன், முந்தைய அசையில் வைக்க மாட்டேன். அடுத்ததில் வைத்தால் கிட்டத்தட்டத் தப்பித்துவிடும். முந்தியதில் வைத்தால் அங்கேயே பிடிபடும்.

நீட்டி நிறுத்தும் இடம் என்றேன். தெலுங்குச் சொல் உயிரில் முடியும். வரிக் கடைசியில் நடிகர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு விநாடி நிற்பார். தமிழிலோ எதைத் தொட்டாலும் மகர ஈறு. காலம், வானம், நெஞ்சம், உள்ளம், சொர்க்கம். வினைக்கு வந்தால் வரும், போகும், பூக்கும். எல்லாம் உதட்டைச் சாத்திக்கொண்டு உட்காரும். எளிய வழி அதன் வாலில் ஓர் ஏகாரத்தைக் கட்டுவது: நெஞ்சமே, வானமே, காலமே. டப்பிங் பாட்டுகளில் ஏன் இத்தனை நெஞ்சமே, உள்ளமே, அன்பே, உயிரே என்று கேட்டிருப்பீர்கள். கவிஞனின் சோம்பல் கொஞ்சம் உண்டுதான், ஆனால் பெரும் காரணம் இந்த மகரம். அதிலும் ஏகாரம் எல்லா இடத்துக்கும் ஆகாது. நடிகர் ஆகாரத்தில் நிற்கும்போது ஏகாரம் பாடினால் தாடை மேலே இருக்க வேண்டிய ஒலி, தாடை கீழே தொங்கும் முகத்திலிருந்து வரும். அங்கே “நிலா”, “கனா”, “விழா”, “வா வா”, “தா தா” என்று ஆகாரச் சொல்லையே தேட வேண்டும். அகராதியில் அவை அதிகம் இல்லை. நிலா எத்தனை பாட்டில்தான் வரும்?

உகரம் இதைவிட நுட்பமான தொல்லை. தெலுங்கில் சொல்லின் கடைசி உகரம் நன்றாகக் குவிந்து வரும், நடிகரின் உதடும் குவியும். தமிழில் நின்று, வந்து, காற்று, பாட்டு எல்லாம் குற்றியலுகரம். அந்த உகரத்துக்கு நாம் உதட்டைக் குவிப்பதே இல்லை. எழுத்தில் உகரத்துக்கு உகரம் வைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்போம், திரையில் உதடு முத்தம் கொடுப்பதுபோல் குவிந்திருக்கும், ஒலி தட்டையாக வரும். பாடகரைக் குவித்துப் பாடச் சொன்னால் தமிழ்க் காதுக்கு அது தெலுங்கு வாடையாக அடிக்கும். நீண்டு நிற்கும் உகரத்துக்கு நான் ஓகாரத்தைத்தான் நம்புகிறேன்: வந்ததோ, நீயோ, போ, இன்னுமோ. கேள்விபோல ஒலிக்கிறதே என்று ஒரு இசையமைப்பாளர் கேட்டார். காதல் பாட்டில் கேள்வி இருந்தால் என்ன குறைந்துவிட்டது?

உறவு மொழி என்பதால் சில சமயம் கைமேல் பலன் கிடைக்கும். தெலுங்கு “நீ”க்குத் தமிழ் “நீ”, “போ”வுக்குப் “போ”. “ஒக்க” என்று ஒரு விரல் காட்டிப் பாடினால் “ஒத்த” என்று நாமும் ஒரு விரல் காட்டலாம். உதடும் விரலும் ஒருசேர உட்காரும். திரும்பத் திரும்ப வந்து கேட்பவரைப் பிடித்து இழுக்கும் பாட்டின் கொக்கிச் சொல்லுக்கு இது பெரிய வரம். 2022-ல் வந்த ஆர்ஆர்ஆர் படத்தின் “நாட்டு நாட்டு” தமிழில் “நாட்டுக் கூத்து” ஆனபோது மதன் கார்க்கி அந்த “நாட்டு”வைக் கைவிட வேண்டியிருக்கவில்லை. இந்தியில் அதையே “நாச்சோ நாச்சோ” ஆக்கினார்கள். பொருள் முற்றிலும் வேறு. ஆனால் முதல் அசை “நா”, வாய் திறக்கிறது. இரண்டாவது குவிந்து முடிகிறது. உதட்டுக்கு “நாட்டு”வும் “நாச்சோ”வும் அண்ணன் தம்பி. உலகமே அந்தக் கொக்கியைப் பார்க்கும்போது உட்காரவேண்டிய இடம் அது ஒன்றுதான்.

விரல் என்றதும் நினைவுக்கு வருகிறது, உடல் அசைவையும் எம்பி3 சொல்லாது. நாயகன் நெஞ்சைத் தொடுகிறான், வானத்தைக் காட்டுகிறான், அவள் கண்ணைச் சுட்டுகிறான். அந்த நொடியில் தமிழில் வேறு எதையோ பாடிக்கொண்டிருந்தால் லிப் முழுக்கச் சரியாக இருந்தும் காட்சி பொய்யாகிவிடும். தூரக் காட்சியில் உதடு தெரியாது, கை தெரியும்.

உங்கள் சங்கடம் எனக்குப் புரியாமல் இல்லை. 1944-ல் ஏ.வி. மெய்யப்பன் கன்னட அரிச்சந்திராவைத் தமிழில் ஒலிமாற்றி வெளியிட்டபோது, கன்னடப் படம் அதற்கு முந்தைய ஆண்டே முடிந்து வெளிவந்துவிட்டது. எழுதுகிறவர் முன்னால் படம் முழுசாக இருந்தது. இப்போது ஐந்து மொழியில் ஒரே நாளில் லிரிக்கல் வீடியோ விட வேண்டியிருக்கிறது. சில பாட்டுக்குப் படப்பிடிப்பே நடந்திருக்காது, இல்லாத காட்சியை நீங்கள் எப்படி அனுப்புவீர்கள்? அதனால் நடக்கக்கூடிய சிலவற்றை மட்டும் கேட்கிறேன்.

பாட்டு எடுத்து முடித்து எடிட் பூட்டியிருந்தால், காட்சியை அனுப்புங்கள். கலர் பார்க்காதது, கிராஃபிக்ஸ் பச்சைத் திரையாகவே நிற்பது எதுவானாலும் போதும். நடிகரின் முகத்தைத் தவிர மீதியை மங்கலாக்கி அனுப்பினாலும் எனக்கு வேலை நடக்கும். முகத்துக்குக் குறுக்கே எங்கள் பெயரை வாட்டர்மார்க்காகப் போடாதீர்கள், அது சரியாக வாய்மேல் வந்து உட்காரும், நெற்றியில் போடுங்கள். மூலையில் டைம்கோடு ஓடட்டும். கசியும் என்ற பயம் தீராவிட்டால் எங்களை எடிட்டிங் அறைக்கே கூப்பிடுங்கள். முதலில் ஒலியை அடைத்துவிட்டு உதட்டை மட்டும் பார்த்துக் குறித்துக்கொள்வேன்: மூடினால் புள்ளி, குவிந்தால் வட்டம், திறந்து நின்றால் கோடு, முகம் தெரியாவிட்டால் வெற்றிடம். அந்தக் குறிப்போடு வீட்டுக்கு வந்தால் அப்புறம் எனக்கு எம்பி3 போதும். எழுதி முடித்ததும் கைபேசியின் முன்கேமராவில் நானே தமிழ் வரியைப் பாடிப் பதிந்து அந்தக் குறிப்போடு ஒப்பிட்டுக்கொள்வேன்.

படமே இன்னும் எடுக்கவில்லை, பாட்டு மட்டும் முதலில் வெளியாக வேண்டும் என்றால், அதை மறைக்காமல் சொல்லுங்கள். லிப் பார்க்காமல், நல்ல தமிழில் எழுதித் தருகிறோம், வெளியிடுங்கள். பிறகு காட்சி வந்ததும் க்ளோஸ்-அப்பில் விழும் வரிகளை மட்டும் மாற்றி, அந்த இடங்களை மட்டும் பாடகரை மறுபடி பாடவைத்துப் படத்தில் சேர்க்கலாம். கேசட்டில் ஒரு வரி, படத்தில் ஒரு வரி என்பது தமிழ் ரசிகருக்குப் பழகிப்போன விஷயம்தான். பாடகருக்கு இன்னொரு அரை நாள் என்பதை இப்போதே பட்ஜெட்டில் எழுதிவிடுங்கள், பின்னால் கேட்டால் கிடைக்காது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

தமிழிலும் வரப்போகிறது என்று தொடக்கத்திலேயே தெரிந்த படமாக இருந்தால் இன்னும் நல்ல வழி இருக்கிறது. முழுப் பாட்டையும் இரண்டு முறை எடுக்க வேண்டாம், அந்தச் செலவு யாருக்கும் கட்டாது. தெலுங்கில் க்ளோஸ்-அப் ஓகே ஆனதும், விளக்கும் ஒப்பனையும் அப்படியே இருக்கும்போது, தமிழ் ட்ராக்கைப் போட்டு இன்னொரு டேக். நடிகருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அந்த இரண்டு வரியைத் தெலுங்கு எழுத்தில் எழுதிக் கேமராவுக்குப் பக்கத்தில் பிடிக்கலாம். அதற்குத் தமிழ் வரி படப்பிடிப்புக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். அதாவது எங்களைக் கூப்பிடும் வேலை, நடன இயக்குநரைக் கூப்பிடும்போதே நடக்க வேண்டும். இப்போது போஸ்டர் ஒட்டும்போது கூப்பிடுகிறீர்கள்.

கடைசியாகப் பாடல் பதிவு. பாடகர் வேறு ஊரில், வேறு மொழிக்காரர், வரியை ஆங்கில எழுத்தில் பார்த்துப் பாடுகிறார். நாங்கள் அங்கே இல்லை. “பொங்குதோடா” அவர் வாயில் “பொங்குத்தடா” ஆகிறது. ஓகாரம் போச்சு, குவிந்த உதட்டுக்கு ஒலி இல்லை. பதிவன்று எங்களில் ஒருவர் ஸ்டுடியோவிலோ, முடியாவிட்டால் காணொளி அழைப்பிலோ இருக்கட்டும். பாடகருக்கு முன்னால் ஒரு திரையில் காட்சி ஓடட்டும். நடிகர் எங்கே மூச்சு விடுகிறாரோ அங்கே பாடகரும் மூச்சு விட்டால், எழுத்தில் விட்ட சின்னச் சின்ன ஓட்டைகள் அடைபட்டுப்போகும்.

சம்பளம், பெயர் போடுவது, ராயல்டி பற்றியெல்லாம் எங்கள் சங்கம் தனியாக எழுதும். இந்த மடலில் அதைக் கலக்கவில்லை.

அடுத்த பாட்டு அனுப்பும்போது எம்பி3-யோடு காட்சியின் இணைப்பையும் வையுங்கள். காட்சி இல்லையென்றால், பாட்டின் எந்தெந்த வரி க்ளோஸ்-அப் என்று உதவி இயக்குநரிடம் கேட்டு வரிக்கு எதிரே ஒரு டிக் அடித்து அனுப்பச் சொல்லுங்கள். அவருக்கு அது பத்து நிமிட வேலை.

இப்படிக்கு,
டப்பிங் பாடலாசிரியர் ஒருவர்
சென்னை